தாமதக் கட்டணம்: யாரிடம் கேட்டால் தள்ளுபடி கிடைக்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணிக் கரையில் இருந்த ஊர்களில் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பில் புத்தகம், கம்ப்யூட்டர், சரக்கு எல்லாம் சேற்றோடு சேர்ந்தன. நவம்பர் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் டிசம்பர் 20. கடைக்காரர் கடையையே இன்னும் திறந்து பார்க்காத நாள் அது.

அந்தத் தேதியில் ரிட்டர்ன் போடாதவர்கள் கடைசியில் அபராதம் கட்டவில்லை. 2024 ஜனவரி 5-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் தலைமை வணிக இடத்தைப் பதிவு செய்திருப்பவர்களுக்கு, நவம்பர் ரிட்டர்னின் கடைசி நாள் ஜனவரி 10 என்று மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, மிக்ஜாம் புயலால் பாதிக்கப்பட்ட சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கும் இதேபோல் டிசம்பர் 27 வரை நேரம் தரப்பட்டிருந்தது.

இந்தச் சலுகை எப்படி வந்தது என்பதைக் கவனித்தால், தாமதக் கட்டணத் தள்ளுபடி என்ற விஷயத்தின் முக்கால்வாசி புரிந்துவிடும். எந்தக் கடைக்காரரும் தனித்தனியாக மனுப் போட்டு அதைப் பெறவில்லை. தூத்துக்குடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாத மேட்டுத் தெருக் கடைக்கும் சலுகை கிடைத்தது. மதுரையில் கடை வைத்துக்கொண்டு, தூத்துக்குடி குடோனில் சரக்கைப் பறிகொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. சலுகை மாவட்டத்துக்கு வந்தது, ஆளுக்கு வரவில்லை.

ஆனால் சிறு வியாபாரி நம்புவது வேறு. ரிட்டர்ன் தாமதமானால் வட்டார வணிகவரி அலுவலகத்துக்குப் போய், நிலைமையை எழுதிக் கொடுத்தால் அதிகாரி பார்த்து விட்டுக்கொடுப்பார் என்று நினைக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்பதற்கான கடிதம் என்று இணைப்புகளோடு மனு போகிறது. அதிகாரி நல்லவராக இருந்தாலும் அந்த மனுவை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை.

சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 47-ஆம் பிரிவு தாமதக் கட்டணத்தை விதிக்கிறது. கடைசி நாள் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் மத்திய ஜிஎஸ்டியில் 100 ரூபாய், மாநில ஜிஎஸ்டியில் 100 ரூபாய், உச்சவரம்பு தலா 5,000. இதற்கு நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம், உத்தரவும் வேண்டாம். நாள் கடந்தால் கட்டணம் தானாக ஏறும். காரணம் என்ன என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை. தள்ளுபடி பற்றிப் பேசுவது 128-ஆம் பிரிவு. ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தால், எந்த வகை வரி செலுத்துவோருக்கு, எந்தச் சூழ்நிலையில் என்பதைக் குறிப்பிட்டு, அரசு ஓர் அறிவிக்கை மூலம் தாமதக் கட்டணத்தைப் பகுதியாகவோ முழுமையாகவோ தள்ளுபடி செய்யலாம். கவுன்சில், அறிவிக்கை, ஒரு வகையினர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் தள்ளுபடி. வெள்ளத்துக்குக் கடைசி நாளை நகர்த்தியது 39-ஆம் பிரிவின் கீழ் ஆணையருக்கு உள்ள அதிகாரம். அதுவும் ஒரு வகையினருக்கு மொத்தமாகத் தருவதுதான்.

ஆகவே தாமதமாகிவிட்ட வியாபாரி முதலில் பார்க்க வேண்டியது, தனக்கு ஏற்கெனவே என்ன தள்ளுபடி கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை. பலருக்குத் தெரியாத சங்கதி இது: இன்று சிறு வியாபாரி கட்டுவதே தள்ளுபடி போக மீதிதான். சட்டத்தில் நாளுக்கு 200 ரூபாய் என்றிருப்பதை, 128-ஆம் பிரிவின் கீழ் வந்த அறிவிக்கைகள் 50 ரூபாயாகக் குறைத்துவிட்டன. விற்பனையும் இல்லை, வரியும் இல்லை என்கிற ‘நில்’ ரிட்டர்னுக்கு நாளுக்கு 20 ரூபாய். 2021 ஜூன் 1-ஆம் தேதி வந்த 19/2021 எண் அறிவிக்கை உச்சவரம்பையும் இறக்கியது. மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு, நில் என்றால் அதிகபட்சம் 500 ரூபாய். முந்தைய நிதியாண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை என்றால் 2,000. ஒன்றரைக் கோடிக்கு மேல் ஐந்து கோடி வரை என்றால் 5,000. அதற்கு மேற்பட்டவர்களுக்குத்தான் பழைய 10,000. இந்தத் தொகைகள் மத்திய, மாநிலப் பங்குகள் சேர்ந்தவை. பாதி பாதியாகப் பிரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவில்பட்டியில் ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு விற்றுமுதல் 62 லட்சம். மாதா மாதம் ரிட்டர்ன் போடுபவர். கணக்கு எழுதும் பையன் வேலையை விட்டுப் போன நேரத்தில் கடைக்காரருக்கு உடம்பும் சரியில்லாமல் போனது. மே 20-க்குள் போட்டிருக்க வேண்டிய ஏப்ரல் ரிட்டர்னை ஜூலை 4-ஆம் தேதி போடுகிறார். மே மாதத்தில் 11 நாள், ஜூனில் 30, ஜூலையில் 4 என்று 45 நாள் தாமதம்.

சட்டத்தில் உள்ளபடி என்றால் 45 நாளுக்கு 9,000 ரூபாய். அறிவிக்கைப்படி நாளுக்கு 50 என்றால் 2,250. ஆனால் அவர் ஒன்றரைக் கோடிக்குக் கீழே இருப்பவர், எனவே 2,000 ரூபாயில் கட்டணம் நின்றுவிடும். மத்தியப் பங்கு 1,000, மாநிலப் பங்கு 1,000. அவர் மனு எதுவும் எழுதாமலே 7,000 ரூபாய் தள்ளுபடியாகியிருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. முந்தைய மாத ரிட்டர்னைப் போடாமல் அடுத்ததைப் போட முடியாது. ஏப்ரல் சிக்கிக்கொண்டதால் ஜூன் 20-க்குள் போட வேண்டிய மே ரிட்டர்னும் சிக்கிக்கொண்டது. அதையும் ஜூலை 4 அன்றே போடுகிறார். 14 நாள் தாமதம், 700 ரூபாய். ஜூன் 20-ஆம் தேதி தாண்டியதும் இரண்டு மாத ரிட்டர்ன் தொடர்ந்து நிலுவையில் நின்றதால், அவருடைய விற்பனைக்கு இ-வே பில் எடுக்கும் வசதியும் முடங்கியிருக்கும். சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது, 2,000 ரூபாய்க் கட்டணத்தைவிட இதுதான் பெரிய அடி.

போர்ட்டலில் இது எப்படித் தெரியும் என்பதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. ஒரு மாதத்தின் தாமதக் கட்டணம் அந்த மாத ரிட்டர்னில் கேட்கப்படுவதில்லை, அடுத்த மாத ரிட்டர்னில்தான் வரும். ஏப்ரல் ரிட்டர்னைப் போடும்போது கட்டணப் பத்தியில் ஒன்றும் இருக்காது. “சார், லேட் ஃபீஸ் வரலை, தப்பிச்சோம்” என்று கடைக்காரர் ஆடிட்டருக்கு போன் பண்ணுவது இந்த இடத்தில்தான். மே ரிட்டர்னைத் திறந்ததும் 5.1-ஆம் அட்டவணையில் 2,000 ரூபாய் உட்கார்ந்திருக்கும். மே மாதத் தாமதத்துக்கான 700, ஜூன் ரிட்டர்னில் வரும். தாமதக் கட்டணப் பத்தியைத் திருத்த முடியாது. கட்டாமல் ரிட்டர்ன் நகராது.

அதைக் கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளீட்டு வரி வரவு எவ்வளவு கையில் இருந்தாலும் தாமதக் கட்டணத்தை அதிலிருந்து கழிக்க முடியாது. பணமாகத்தான் கட்ட வேண்டும். சலானில் வரி, வட்டி, அபராதம், கட்டணம், இதர என்று ஐந்து பத்திகள் இருக்கும். தாமதக் கட்டணம் போக வேண்டிய இடம் நான்காவது பத்தியான கட்டணம். அவசரத்தில் அபராதப் பத்தியில் போட்டுவிட்டு, பணம் கட்டியும் போர்ட்டல் கேட்கிறதே என்று பதறுபவர்கள் உண்டு. பணம் எங்கும் போய்விடவில்லை. பிஎம்டி-09 என்ற படிவத்தில் ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி, உண்மையிலேயே மனுப் போட்டுப் பயன் பெறக்கூடிய இடத்துக்கு வருவோம். கட்டணம் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தால் அது தள்ளுபடிக் கோரிக்கை அல்ல, திருத்தக் கோரிக்கை. அதற்கு வழி இருக்கிறது.

அதே கோவில்பட்டிக் கடைக்காரருக்கு 5.1-ஆம் அட்டவணையில் 2,000-க்குப் பதிலாக 2,250 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மத்தியம் 1,125, மாநிலம் 1,125. இந்த எண்ணைப் பார்த்த உடனேயே விஷயம் புரிய வேண்டும். 45 நாளுக்கு 50 ரூபாய் வீதம் முழுதாக ஏறியிருக்கிறது, 2,000 வரம்பு வேலை செய்யவில்லை. அதாவது, அவருடைய விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மேல் என்று போர்ட்டல் நினைக்கிறது. போர்ட்டலில் உள்ளே நுழைந்ததும் வரும் பக்கத்தில் ஆண்டு மொத்த விற்றுமுதல் காட்டப்படும். அதைப் போய்ப் பார்க்க வேண்டும். பழைய ரிட்டர்ன் ஒன்றில் தவறாக ஒரு பூஜ்யம் கூடியிருந்தால்கூட அந்த எண் மாறியிருக்கும்.

ஆனால் எண் சரியாகவே இருக்கவும் வாய்ப்புண்டு. மொத்த விற்றுமுதல் கடைவாரியாகப் பார்க்கப்படுவதில்லை. ஒரே பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதும் உள்ள எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. கடலூரில் 90 லட்சத்துக்கும் புதுச்சேரியில் 80 லட்சத்துக்கும் விற்றவர், இரண்டு கடையிலும் தனித்தனியே ஒன்றரைக் கோடிக்குக் கீழே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் 1 கோடியே 70 லட்ச ரூபாய் வியாபாரி. அவருக்கு வரம்பு 5,000 தான். அவர் புகார் எழுதிப் பயனில்லை.

எண் தவறு என்று உறுதியானால் ஜிஎஸ்டி போர்ட்டலின் புகார்ப் பிரிவில் பதிய வேண்டும். முகவரி selfservice.gstsystem.in. தொலைபேசி உதவிக்கு 1800-103-4786. புகாரில் உருக்கம் தேவையில்லை, விவரம்தான் தேவை. இப்படி எழுதினால் போதும்: “ஏப்ரல் மாத ரிட்டர்ன் ஜூலை 4-ல் தாக்கல் செய்யப்பட்டது. தாமதம் 45 நாள். என் முந்தைய ஆண்டு மொத்த விற்றுமுதல் 62 லட்சம். 19/2021 அறிவிக்கைப்படி அதிகபட்சக் கட்டணம் 2,000. மே மாத ரிட்டர்னின் 5.1-ஆம் அட்டவணையில் 2,250 காட்டப்படுகிறது. 250 ரூபாயைக் குறைத்துச் சரிசெய்யக் கோருகிறேன்.” இதோடு ஜிஎஸ்டி எண், ரிட்டர்னின் ஒப்புகை எண், அந்தத் திரையின் படம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை எப்போது செய்வது என்பது முக்கியம். கட்டணம் அடுத்த மாத ரிட்டர்னில்தான் வசூலாகிறது என்பதால், நடுவில் உள்ள நாட்களே புகாருக்கு உகந்த நேரம். கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம் என்று விட்டால் இன்னொரு சுவர் குறுக்கே வரும். ஜிஎஸ்டியில் 1,000 ரூபாய்க்குக் குறைந்த தொகை ரீஃபண்டாகத் தரப்படுவதில்லை. மத்தியம், மாநிலம் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே இந்த வரம்பு. கூடுதலாகக் கட்டிய 125-ம் 125-ம் போனது போனதுதான்.

போர்ட்டல் கோளாறால் ரிட்டர்ன் போக முடியவில்லை என்பவர்களுக்கு 2018 ஏப்ரல் 3-ஆம் தேதிச் சுற்றறிக்கை ஒன்று வழி வகுத்தது. கோளாறு போர்ட்டலின் பக்கம் இருந்தது என்பதற்கும், கடைசி நாளுக்குள் முயன்றதற்கும் ஆதாரம் வேண்டும். பிழைச் செய்தியின் படம், தேதியும் நேரமும் தெரிய எடுத்தது, அன்றே பதிந்த புகார் எண் ஆகியவை இல்லாமல் இது நிற்காது. கடையில் கரண்ட் இல்லை, நெட் இல்லை, ஆடிட்டர் ஊரில் இல்லை என்பவை போர்ட்டல் கோளாறில் சேராது.

அடுத்து, எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பொதுத் தள்ளுபடி. இது பல தடவை வந்திருக்கிறது. ஜிஎஸ்டி தொடங்கிய 2017-ல், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் 3பி ரிட்டர்ன்களுக்குக் கட்டணம் எல்லோருக்கும் ரத்தானது. ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அந்தப் பணம் மின்னணு ரொக்கக் கணக்கில் திரும்ப வைக்கப்பட்டது. கொரோனா காலத்தில் 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு வாய்ப்பு. அதற்கு முந்தைய பழைய ரிட்டர்ன்களை அந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் ஒன்றுக்கு 500 ரூபாயில் முடிந்தது, நில் என்றால் அதுவும் இல்லை. 2021-ல் மறுபடியும். 2017 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரையிலான ரிட்டர்ன்களுக்கு, வரி உள்ளவற்றுக்கு 1,000, நில் என்றால் 500. ஆகஸ்ட் 31 வரை என்று தொடங்கி நவம்பர் 30 வரை நீண்டது.

இதில் 2017-க்கும் பிற்பாடு வந்தவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். 2020, 2021 தள்ளுபடிகள், குறிப்பிட்ட நாட்களுக்குள் நிலுவை ரிட்டர்னைப் போடுபவர்களுக்கு மட்டும். முன்பே போட்டு முழுக் கட்டணத்தையும் கட்டியவருக்கு ஒன்றும் திரும்பவில்லை. ஒழுங்காக, கொஞ்சம் தாமதமாகப் போட்டவரைவிட, போடாமலே கிடந்தவருக்கு லாபம் என்ற அநியாயம் இதில் இருக்கிறது. ஆண்டு ரிட்டர்னுக்கு 2023-ல் வந்த இதேபோன்ற சலுகை தொடர்பாகக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வழக்கே போனது. சலுகைக் காலம் தொடங்குமுன்பே ஆண்டு ரிட்டர்னைப் போட்டுவிட்டவர்களிடம், சலுகை வரம்புக்கு மேல் கட்டணம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது நியாயமல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கு மேல் ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஆண்டு ரிட்டர்ன் நோட்டீஸ் கையில் இருப்பவர்கள் தங்கள் பதிலில் இதை எடுத்துக் காட்டலாம். மாத ரிட்டர்னின் 2,000 ரூபாய்க்காக உயர் நீதிமன்றப் படி ஏறினால் வக்கீல் ஃபீஸே அதைவிடப் பல மடங்கு ஆகிவிடும்.

அடுத்த தள்ளுபடி வரட்டும், அப்புறம் மொத்தமாகப் போடுவோம் என்று சிலர் ரிட்டர்னையே நிறுத்தி வைக்கிறார்கள். இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கோவில்பட்டிக் கடைக்காரர் ஏப்ரலுக்காகப் பணமாகக் கட்ட வேண்டிய வரி 18,250 ரூபாய் என்போம். தாமத வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். நாளுக்குச் சரியாக 9 ரூபாய் வரும். 45 நாளில் போட்டால் வட்டி 405. தள்ளுபடிக்காக ஓராண்டு காத்திருந்தால் வட்டி 3,285. தாமதக் கட்டணமோ 2,000-க்கு மேல் ஏறப்போவதில்லை. 2021 போலவே மறுபடி 1,000 ரூபாய்த் தள்ளுபடி வந்தாலும் மிச்சம் 1,000 தான். ஆயிரத்தை மிச்சம் பிடிக்கக் கூடுதலாக 2,880 வட்டி. 128-ஆம் பிரிவு தள்ளுபடி வட்டியைத் தொடாது.

வட்டியோடு போவதுமில்லை. கடைசி நாள் தாண்டினால் ஜிஎஸ்டிஆர்-3ஏ நோட்டீஸ் வரும், 15 நாளில் போடச் சொல்லி. அதற்கும் அசையாவிட்டால் அதிகாரி தன் மதிப்பீட்டில் வரியை நிர்ணயித்து உத்தரவு போடலாம். அந்த உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் ரிட்டர்னைப் போட்டால் உத்தரவு தானாக ரத்தாகும். வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் நிற்கும். மாத ரிட்டர்ன் ஆறு மாதம் தொடர்ந்து போகாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 2023 அக்டோபர் முதல் வந்த திருத்தப்படி, கடைசி நாளிலிருந்து மூன்று ஆண்டு கடந்த ரிட்டர்னைப் போடவே முடியாது. போர்ட்டல் அதைப் பூட்டிவிடுகிறது. பிறகு தள்ளுபடி வந்தாலும் அந்த ரிட்டர்னுக்கு உதவாது.

பணம் இருந்தும் கணக்குத் தயாராகாதவர்களுக்கு ஒரு நல்ல வழி 2024 ஜூலையில் கிடைத்தது. கடைசி நாளுக்குள் வரிப்பணத்தை ரொக்கக் கணக்கில் போட்டு வைத்துவிட்டால், ரிட்டர்ன் தாமதமானாலும், அந்தத் தொகை அங்கேயே இருக்கும்வரை அதற்கு வட்டி இல்லை. ரிட்டர்ன் தாமதத்துக்கான கட்டணம் உண்டு. ஆனாலும் பெரிய செலவு குறைகிறது. விற்பனையே இல்லாத மாதத்துக்கு ஆடிட்டரைத் தேடிப் போகவும் வேண்டாம். பதிவு செய்த செல்போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் போதும். கீழே மூன்றாவதாக ஜிஎஸ்டி எண்ணும், கடைசியில் மாதமும் ஆண்டும் வர வேண்டும்:

```
NIL 3B GSTIN MMYYYY
```

திரும்பி வரும் ஆறு இலக்க எண்ணை வைத்து உறுதி செய்தால் ரிட்டர்ன் போய்விடும். சீசன் வியாபாரம் செய்பவர்கள், ஆறு மாதம் கடையைப் பூட்டி வைப்பவர்கள் பலர் ஒன்றும் விற்காத மாதத்துக்கு 500 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்த ஒரு வரி அவர்களிடம் போய்ச் சேரவில்லையே என்று மனம் கனக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை அப்படியே நிற்கிறது. மாவட்டத்துக்கே வரும் வெள்ளத்தைச் சட்டம் பார்க்கிறது. ஒரு வீட்டில் நேரும் மாரடைப்பைப் பார்ப்பதில்லை. கணவன் கடையையும் கணக்கையும் பார்த்துவந்து திடீரென்று இறந்துபோன குடும்பத்தில், மனைவிக்கு லாகின் பாஸ்வேர்டு கூடத் தெரியாத நிலையில், கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் என்று ஏறிக்கொண்டுதான் இருக்கும். இது மாற்ற முடியாத விதி அல்ல. இதே ஜிஎஸ்டி சட்டத்தில், மேல்முறையீடு ஒரு மாதம் தாமதமானால் தகுந்த காரணம் கேட்டு ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் மேல்முறையீட்டு அதிகாரிக்கு இருக்கிறது. லட்சக்கணக்கான ரூபாய் வழக்கில் ஓர் அதிகாரியின் விவேகத்தை நம்பும் சட்டம், 2,000 ரூபாயில் நம்ப மறுப்பதற்கு நியாயம் தெரியவில்லை.

ஆகவே மனு எழுதத்தான் வேண்டும். ஆனால் சரியான முகவரிக்கு, சரியான கோரிக்கையோடு. தனி வியாபாரியின் மனு வட்டார அலுவலகத்தில் கோப்பாகும். வணிகர் சங்கத்தின் மனு கவுன்சில் வரை போக முடியும், ஏனென்றால் மாநில அரசுகள் கவுன்சிலின் உறுப்பினர்கள். அங்கே வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. மாநில வணிகவரித் துறைக்கும் அமைச்சருக்கும் கொடுக்கும் மனு அங்கே பேசப்பட வாய்ப்பு உண்டு. 2019 டிசம்பரில் கூடிய 38-ஆவது கவுன்சில் கூட்டத்தின் முடிவுப்படி, மத்திய, மாநில அதிகாரிகளும் வணிகப் பிரதிநிதிகளும் சேர்ந்த குறைதீர்க்கும் குழுக்கள் அமைக்கப்பட்டன. சங்கங்கள் அதிகம் பயன்படுத்தாத வாசல் இது.

கோரிக்கையும் 128-ஆம் பிரிவின் மொழியில் இருக்க வேண்டும்: ஒரு வகையினர், ஒரு சூழ்நிலை, ஒரு வரம்பு. “சிறு வியாபாரிகளுக்குத் தாமதக் கட்டணத்தை ரத்து செய்க” என்று எழுதினால் அது கோஷமாக நின்றுவிடும். “விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட தனிநபர் வணிகம், உரிமையாளர் இறந்த அல்லது மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த மாதமும் அடுத்த மாதமும், சான்றிதழ் இணைத்து, வரியும் வட்டியும் கட்டி 90 நாளுக்குள் ரிட்டர்ன் போட்டால் தாமதக் கட்டணம் இல்லை” என்று எழுதினால் அது அப்படியே அறிவிக்கையாக மாறக்கூடிய வாசகம். ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களில் இப்படிக் கட்டியவர்களின் ரிட்டர்ன் மாதம், தாமத நாட்கள், கட்டிய தொகை, காரணத்துக்கான சான்று ஆகிய நான்கையும் ஒரே பட்டியலாக்கி அந்த மனுவோடு இணைக்கலாம்.